ஒரு நோட்டீஸும் நாலு மூட்டை யூரியாவும்

பதிவு கொஞ்சம் நீளம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள்.

போன மாதம் என்னிடம் படித்த பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பையன் என்கிறேன், அவனுக்கே நாற்பது வயது தாண்டிவிட்டது. அருப்புக்கோட்டைப் பக்கம் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கையில் ஒரு தாள், இரண்டு பக்கமும் அச்சு. "சார், புரட்டாசி விதைப்புக்கு முன்னாடி மூவாயிரம் நோட்டீஸ் அடிக்கணும். உரம் போடுறதப் பத்தி. ஒற்றுப்பிழை மட்டும் பாத்துக் குடுங்க சார், சாயங்காலம் பிரஸ்ஸுக்குப் போகுது" என்றான்.

தலைப்பு, 'ஒருங்கிணைந்த ஊட்டச்சத்து மேலாண்மை வழிமுறைகள்'. ஒற்றுப்பிழை மூன்றுதான் இருந்தது. திருத்திக் கொடுத்திருப்பேன். ஆனால் நாலாவது வரியில் கண் நின்றுவிட்டது.

"சோளம்: 90:45:45 கி/எக்."

அவனிடம், "இன்னிக்கு பிரஸ்ஸுக்குப் போகாது, ஒரு வாரம் எங்கிட்ட இருக்கட்டும்" என்றேன். அவனுக்கு முகம் மாறிவிட்டது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்றைக்கு அவனிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். எங்கள் வீட்டில் என் தங்கைக்குக்கூட இது முழுதாகத் தெரியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். அப்பாவுக்கு ஒரு ஏக்கர் கரிசல் காடு, முழுக்க மானாவாரி. மகன் வாத்தியார் ஆகிவிட்டான் என்ற பெருமையில், யாரோ கொடுத்த இதே மாதிரி நோட்டீஸ் ஒன்றை என் கையில் கொடுத்து, "சோளத்துக்கு என்ன போட்டிருக்கான், வாசிச்சுச் சொல்லுடா" என்றார். அதிலும் இதே மூன்று எண்கள்தான். தழைச்சத்து 90 கிலோ என்றால் யூரியா எவ்வளவு என்று கணக்குப் போட எனக்குத் தெரியும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்குதான் தழைச்சத்து. 90-ஐ 46-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் ஏறக்குறைய 196 கிலோ. அப்போது மூட்டை 50 கிலோ. "நாலு மூட்டைப்பா" என்றேன், வாத்தியார் குரலில்.

நான் கவனிக்காதது, அது 'எக்.' என்பதை. மங்கலான அச்சில் 'ஏக்.' என்று வாசித்துவிட்டேன். எக்டேருக்கு உரிய உரத்தை ஏக்கருக்குச் சொல்லிவிட்டேன். ஒரு எக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர், சரியாகச் சொன்னால் 247 சென்ட். அது போதாதென்று, அந்த 90:45:45 என்பது தண்ணீர் பாய்ச்சும் இறவைச் சோளத்துக்கான அளவு. மானாவாரிச் சோளத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகக் கையேட்டில் உள்ள அளவு எக்டேருக்கு 40:20:0. இரண்டு தப்பும் ஒன்றையொன்று பெருக்கி, எங்கள் காட்டுக்குத் தேவையானதைப்போல ஐந்தரை மடங்கு யூரியா விழுந்தது. பாதி விதைப்போடு, பாதி முப்பதாம் நாள்.

ஐப்பசி முடிய எங்கள் சோளம்தான் ஊரிலேயே பச்சை. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். கார்த்திகை பிறந்து மழை நின்றது. இலை பெரிசு, தட்டை பெரிசு, குடிக்கிற தண்ணீரும் பெரிசு. இருந்த ஈரத்தைச் சீக்கிரமே உறிஞ்சித் தீர்த்துவிட்டுக் கதிர் தள்ளுகிற நேரத்தில் சுருண்டுவிட்டது. பக்கத்துக் காட்டுக்காரர் உரமே போடவில்லை. அவருடைய பயிர் முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது, ஆனால் கதிரில் மணி இருந்தது. எங்களுக்கு மாட்டுக்குத் தட்டை மட்டும் கிடைத்தது. அந்த நாலு மூட்டைக்காக அடகு வைத்த அம்மாவின் தோடு மூன்று வருஷம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தது. அப்பா, "மழை ஏமாத்திருச்சு" என்றே கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். எக்டேர் விஷயம் எனக்கு அடுத்த வருஷம் பாடம் நடத்தும்போது உறைத்தது. அப்பாவிடம் சொல்லவில்லை.

அதனால்தான் அந்த நாலாவது வரியில் நின்றேன்.

இனி நோட்டீஸுக்கு வருகிறேன். முதலில் அலகுகள். 'எக்.' என்பதற்கும் 'ஏக்.' என்பதற்கும் நடுவில் இருப்பது ஒரு சின்னக் கோடு. மூவாயிரம் தாள் மலிவாக அடிக்கும்போது அந்தக் கோடு பாதித் தாளில் விழாது. 'கி' என்ற சுருக்கம் அதைவிட மோசம். கிலோவுக்கும் 'கி', கிராமுக்கும் 'கி'. அந்தத் தாளிலேயே ஒரு இடத்தில் "டிஏபி 4 கி" என்று இருந்தது, அது கிலோ. இரண்டு வரி தள்ளி "டேங்குக்கு 200 கி" என்று இருந்தது, அது கிராம். எழுதியவருக்குத் தெரியும். வாசிப்பவருக்கு எப்படித் தெரியும்? சுருக்கம் ஒன்றுகூட வேண்டாம், இடம் போனாலும் போகட்டும், கிலோ, கிராம், ஏக்கர் என்று முழுதாக எழுது என்றேன். எக்டேர் என்ற சொல்லையே தாளிலிருந்து எடுத்துவிட்டோம். நம் பக்கம் பத்திரத்தில் ஏக்கரும் சென்டும்தான், பேச்சிலும் அதுதான். எக்டேரில் காடு வைத்திருக்கும் ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

அடுத்தது, அந்த மூன்று எண்கள். 40:20:0 என்றால் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து. அது சத்தின் எடை, உரத்தின் எடை இல்லை. கடையில் யாரும் சத்தை நிறுத்துக் கொடுப்பதில்லை, மூட்டைதான் கொடுப்பார்கள். டீக்கடையில் ஒரு தம்பியிடம் தாளைக் காட்டினேன். டிராக்டர் ஓட்டுகிறவர், பிளஸ் டூ படித்தவர். "யூரியா நாப்பது கிலோ, டிஏபி இருபது கிலோ சார்" என்று உடனே சொன்னார். அவர் மேல் தப்பில்லை. தாள் அப்படித்தான் பேசுகிறது.

ஆகவே நானும் பையனும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வகுப்பறை ஞாபகத்துக்கு, நீங்களும் ஒரு தாள் எடுத்துப் போட்டுப் பாருங்கள். எக்டேருக்கு 40 கிலோ தழைச்சத்தை 2.47-ஆல் வகுத்தால் ஏக்கருக்கு 16.2 கிலோ. 20 கிலோ மணிச்சத்தை வகுத்தால் 8.1 கிலோ. சூப்பர் பாஸ்பேட்டில் நூற்றுக்கு 16 பங்கு மணிச்சத்து. 8.1 கிலோவுக்கு 50 கிலோ சூப்பர் வேண்டும், அதாவது சரியாக ஒரு மூட்டை. 16.2 கிலோ தழைச்சத்துக்கு யூரியா 35 கிலோ. 2018-லிருந்து யூரியா மூட்டை 50 கிலோ இல்லை, 45 கிலோ. ஆகவே முக்கால் மூட்டைக்குக் கொஞ்சம் மேல். ஏக்கருக்கு ஒரு மூட்டை சூப்பர், 35 கிலோ யூரியா. நாற்பது வருஷம் முன்னால் நான் அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் இவ்வளவுதான்.

மூட்டை எடை மாறிய விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பையன் அதைப் பெரிய தப்பாக எடுத்துக்கொண்டு, பழைய நோட்டீஸ் எல்லாம் கெட்டுப்போச்சு என்றான். பத்துக்கு ஒன்று குறையும், அதில் காடு கெடாது. எக்டேரை ஏக்கர் என்று வாசித்தால்தான் கெடும். எந்தத் தப்பு எத்தனை மடங்கு என்று பார்த்துப் பயப்பட வேண்டும்.

சூப்பர் கடையில் எப்போதும் இருக்காது. இல்லை என்றால் டிஏபி கொடுப்பார்கள். அதில் மணிச்சத்து 46, கூடவே தழைச்சத்து 18. டிஏபி பதினேழரை கிலோ எடுத்தால் மணிச்சத்து சரியாகிவிடும், தழைச்சத்தும் 3 கிலோ வந்துவிடும். அதனால் யூரியாவை 28 கிலோவாகக் குறைக்க வேண்டும். இதையும் சேர்த்துத் தாளில் இரண்டு வரியாகப் போட்டோம். போட்டுவிட்டு என் பெரியம்மா மகள் அக்காவிடம் கொடுத்தேன். அஞ்சாவதுவரை படித்தவர், மாதாந்திரக் குழுக் கணக்கை இன்றும் அவர்தான் எழுதுகிறார். அவர் வாசித்து முடித்து, "ஒரு மூட்டை சூப்பரு, அப்புறம் டிஏபி பதினேழரை, யூரியா ரெண்டும் சேர்த்து அறுபத்து மூணு" என்றார். கூட்டல் சரி! ஆனால் இரண்டு வழிகளையும் கூட்டிவிட்டார். 'அல்லது' என்ற சொல் சின்ன எழுத்தில் வரியின் நடுவில் கிடந்தது. பிறகு அவற்றைத் தனித்தனிக் கட்டங்களாகப் பிரித்து, நடுவில் கொட்டை எழுத்தில் "ரெண்டில் ஒன்று மட்டும்" என்று போட்டோம்.

மூன்றாவது எண்ணான பூஜ்யத்தையும் அக்காதான் கேட்டார். "இது எழுத மறந்துட்டாகளா?" நம் கரிசலில் சாம்பல் சத்து பொதுவாகவே போதுமான அளவு இருக்கிறது, அதனால்தான் மானாவாரிச் சோளத்துக்குப் பூஜ்யம். ஆனால் காகிதத்தில் பூஜ்யம் என்பது மறதி மாதிரியே தெரியும். கடைக்காரர் "பொட்டாஷ் ஒண்ணு போட்டுக்கங்க" என்றால் மறுக்க முடியாது. ஆகவே "சோளத்துக்குப் பொட்டாஷ் வேண்டாம்" என்று தமிழில் எழுதினோம்.

சோதிக்கிற முறையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு உதவும். வாசித்த பிறகு "புரியுதா?" என்று கேட்டால் எல்லோரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். உங்கள் மரியாதைக்குச் சொல்கிற பதில் அது. "நாளைக்கு உரக்கடைக்குப் போறீங்க, ஒன்றரை ஏக்கருக்கு என்ன கேப்பீங்க?" என்று கேட்க வேண்டும். அவர் வாயிலிருந்து வருகிற மூட்டைக் கணக்குதான் நோட்டீஸின் மதிப்பெண். தப்பாக வந்தால் அது தாளுக்குத்தான் பூஜ்யம்.

இனி பருவம். இதில்தான் தாள் யாருக்காக எழுதப்பட்டது என்பதே சந்தேகமாகிவிட்டது.

"ஆடிப் பட்டத்தில் விதைத்து, 15 மற்றும் 30-ஆம் நாட்களில் நீர் பாய்ச்சிய பின் மேலுரம் இடவும்" என்று இருந்தது. ஆடியில் நம் பக்கம் என்ன இருக்கிறது? காற்றும் புழுதியும். மழையில் ஏறக்குறைய பாதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் வடகிழக்குப் பருவக்காற்றில் கிடைப்பது. விதைப்பு புரட்டாசியில். "நீர் பாய்ச்சிய பின்" என்பதை வாசித்து டீக்கடையில் சிரித்தே விட்டார்கள். "கண்ணீரையா பாய்ச்சுறது?" என்றார் ஒரு பெரியவர்.

சிரிப்பு இருக்கட்டும். அதைவிடப் பெரிய விஷயம் அந்த '15-ஆம் நாள்'. நம் ஆட்கள் மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைக்கிறார்கள், உங்களில் பலர் அந்தக் கலப்பைக்குப் பின்னால் நடந்தவர்கள்தான். விதை இரண்டு அங்குல ஆழத்தில் விழ வேண்டும். மேலாக விழுந்தால் ஒரு சின்னத் தூறலுக்கே முளைத்து, அடுத்த மழை வருவதற்குள் கருகிவிடும். ஆழத்தில் கிடக்கும் விதை, நல்ல உழவு மழை பெய்து ஈரம் கீழே இறங்கினால்தான் முளைக்கும். சில வருஷம் மூன்று நாளில் அந்த மழை வரும். சில வருஷம் மூன்று வாரம் ஆகும். அப்படியானால் நோட்டீஸ் சொல்லும் 15-ஆம் நாள் எந்த நாளிலிருந்து? விதைத்த நாளிலிருந்து எண்ணினால், விதை முளைக்கும் முன்பே மேலுரம் போட்டவராகிவிடுவோம். இறவைக் காட்டில் விதைத்த அன்றே தண்ணீர் விடுவதால் அங்கே இரண்டும் ஒன்று. இங்கே அப்படி இல்லை. "முளைத்ததிலிருந்து எண்ணுங்கள்" என்று ஒரு வரி எழுதியபோது பையன், "சார், இத்தனை வருஷம் இத நான் யோசிக்கவே இல்ல" என்றான். நானும் அறுபது வயதுக்கு மேல்தான் யோசிக்கிறேன்.

அதோடு நாள் கணக்கு மட்டும் போதாது. முளைத்து முப்பது நாள் ஆகிவிட்டது, ஆனால் மழை இல்லை. காலண்டரைப் பார்த்து யூரியாவைக் காய்ந்த மண்மேல் தூவினால் என்ன ஆகும்? கரிசல் மண்ணில் சுண்ணாம்பு அதிகம், காரத்தன்மை உள்ளது. மேலே கிடக்கும் யூரியா காலைப் பனியில் நனைந்து கரைகிற அளவுக்கு மட்டும் கரைந்து, அம்மோனியா ஆவியாகக் காற்றில் போகும். சில சமயம் மூக்கிலேயே அந்த நெடி தெரியும். காசு ஆவியாகிற வாசனை அது. ஆகவே, ஒரு சாண் ஆழத்தில் மண்ணைத் தோண்டி எடுத்து உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள், உருண்டை நின்றால் போடுங்கள், உதிர்ந்தால் போடாதீர்கள் என்று எழுதினோம்.

இதைப் படித்துவிட்டு டீக்கடைப் பெரியவர் ஒரு கேள்வி கேட்டார். "வாத்தியாரே, மழ பேஞ்சா கரிசல்ல நாலு நாளைக்குக் காலு வைக்க முடியாது. காலு வைக்கிற பக்குவம் வரும்போது மேல் மண்ணு காஞ்சிருக்கும். எப்பப் போடச் சொல்றீக?" என் கையேட்டுப் படிப்பில் இதற்குப் பதில் இல்லை. பதிலையும் அவரே சொன்னார். களையெடுக்கிற அன்றைக்குப் போட வேண்டும். முன்னால் ஒருவர் பயிருக்குப் பக்கத்தில் வரிசையாகப் போட்டுக்கொண்டே போக, பின்னால் களைக்கொத்து அதை மண்ணுக்குள் தள்ளி மூடிவிடும். அடியில் ஈரம் இருக்கிறது, யூரியாவும் அடிக்குப் போய்விடும். அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டோம்.

மழையே வராவிட்டால்? பழைய தாளில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. மானாவாரி நோட்டீஸில் முதலில் இருக்க வேண்டிய வரி அதுதான். யூரியாவில் பாதியை விதைக்கும்போது போடுவது, விதையோடு ஒட்டாமல், ஒட்டினால் முளை கருகும். மீதிப் பாதியை மழை பார்த்துப் போடுவது. மழை வரவில்லை என்றால் அந்தப் பாதி மூட்டையிலேயே இருக்கட்டும், வாயை இறுக்கிக் கட்டி ஈரம் படாமல் வைத்தால் அடுத்த பயிருக்கு ஆகும். எங்கள் அப்பாவின் இரண்டாவது இரண்டு மூட்டைகள் அப்படி வீட்டில் கிடந்திருந்தால், அம்மாவின் தோட்டில் ஒன்றாவது சீக்கிரம் திரும்பியிருக்கும்.

இன்னொன்று. இதே தாளைத் திருச்சுழிக்கும் கொடுக்கப்போவதாகப் பையன் சொன்னான். திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் போனால் கண்மாய் நெல். அவர்களும் புழுதியில்தான் விதைக்கிறார்கள், ஆனால் கண்மாய் பெருகிவிட்டால் பிறகு தண்ணீரில் நிற்கிற பயிர். அதற்கு நாள் கணக்கும் வேறு, உர அளவும் வேறு. ஒரே தாளில் இரண்டையும் அடைத்தால் இரண்டு ஊருக்கும் உதவாது. நெல்லுக்குத் தனித் தாள் பிறகு என்று முடிவாயிற்று.

உளுந்துக்கு வந்தால் "2% டிஏபி கரைசலை இலைவழியாகத் தெளிக்கவும்" என்று இருந்தது. அக்கா '%' என்ற குறியில் நின்றார். "ரெண்டு வட்டின்னா என்னக்கா?" என்று கேட்டேன். "நூத்துக்கு ரெண்டு" என்று கண் மூடித் திறக்கும் முன் பதில் வந்தது. அதேதான், நூறு லிட்டர் தண்ணீருக்கு ரெண்டு கிலோ டிஏபி என்றேன். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், ஆகவே 4 கிலோ. முந்தின நாள் ராத்திரி 10 லிட்டர் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் கலக்காமல் தெளிந்ததை மட்டும் துணியில் வடித்து, மீதித் தண்ணீரைச் சேர்த்துச் சாயங்கால வேளையில் அடிக்க வேண்டும். பூக்கும்போது ஒருமுறை, பதினைந்து நாள் கழித்து ஒருமுறை. பழைய தாளில் இருந்த 'டேங்குக்கு 200' என்பது பத்து லிட்டர் கைத்தெளிப்பானுக்கானது. இப்போது ஊரில் பாதிப் பேரிடம் இருப்பது பதினாறு லிட்டர் பேட்டரி டேங்க், அதற்கு 320 கிராம். டேங்க் கணக்கையே எடுத்துவிட்டு, லிட்டருக்கு 20 கிராம் என்று வைத்துவிட்டோம். எந்த டேங்க்காக இருந்தாலும் பெருக்கிக்கொள்ளலாம்.

கிராமை எதில் அளப்பது என்று அடுத்த கேள்வி. நம் வீடுகளில் அளவு என்றால் டப்பாதான். மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு லிட்டர் டப்பா நிறைய யூரியா முக்கால் கிலோதான் நிற்கிறது. அதே டப்பாவில் டிஏபி ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரே டப்பாவால் இரண்டையும் அளந்தால் ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். இதையும் ஒரு வரியாகச் சேர்த்தோம்.

கடைசியாக, தமிழ். பையன் முதலில் கேட்டது இதைத்தான். தாளில் இருந்த ஒரு வாக்கியம்: "பரிந்துரைக்கப்பட்ட பேரூட்டச் சத்துக்களை அடியுரமாகவும் மேலுரமாகவும் பிரித்திடுவதன் மூலம் உர உபயோகத் திறனை மேம்படுத்தலாம்." இலக்கணப்படி குற்றமில்லை. அக்கா இதை மூன்று மூச்சில் வாசித்தார். முடித்ததும், "இப்ப என்ன செய்யச் சொல்றாக?" என்றார். செய்யச் சொல்வது கடைசியில் ஒளிந்திருக்கிறது, யார் செய்ய வேண்டும் என்பது எங்கேயுமே இல்லை. அதை இப்படி மாற்றினோம்: "யூரியாவை ஒரே தடவையில் போடாதீர்கள். விதைக்கும்போது பாதி போடுங்கள். முளைத்த பிறகு மழை பெய்து ஈரம் இருந்தால் மீதியைப் போடுங்கள்." பையனுக்குத் தயக்கம். "ரொம்பச் சாதாரணமா இருக்கே சார், ஆபீசருங்க பாத்தா என்ன சொல்லுவாங்க?" தமிழாசிரியர் யாராவது இதைப் படித்தால் என்னை மன்னிக்க, நானும் ஒரு காலத்தில் இந்த மாதிரி வாக்கியத்துக்கு 'மிக நன்று' போட்டவன்தான். ஆனால் 'அடியுரம்', 'மேலுரம்' இரண்டையும் எடுக்கவில்லை. அது நம் ஆட்களுக்குத் தெரிந்த சொல். 'இடவும்' என்பதைப் 'போடுங்கள்' என்றும், 'தழைச்சத்து 46%' என்பதை வெறும் 'யூரியா' என்றும் மாற்றினோம். தலைப்பு 'சோளத்துக்கும் உளுந்துக்கும் எவ்வளவு உரம்?' என்றாயிற்று.

ஒன்று சொல்ல வேண்டும். அளவை நான் மாற்றவில்லை. 90:45:45-ஐ நீக்கி 40:20:0 போட்டது கையேட்டைப் பார்த்துத்தான், அதையும் பையன் ஒரு வேளாண்மை அலுவலரிடம் கொண்டுபோய்க் காட்டிக் கையெழுத்து வாங்கினான். வாத்தியார் அலகைத் திருத்தலாம், வாக்கியத்தைத் திருத்தலாம், மருந்துச் சீட்டைத் திருத்தக் கூடாது. அவர் என் தப்பையும் ஒன்று பிடித்தார். சொல்ல எளிதாக இருக்கட்டும் என்று டிஏபி பதினேழரை கிலோவை 'அரை மூட்டை' என்று எழுதியிருந்தேன். அரை மூட்டை 25 கிலோ ஆயிற்றே என்று சிவப்பு மையில் சுழித்து அனுப்பியிருந்தார். நாற்பது வருஷம் சிவப்பு மையால் சுழித்தவனுக்கு அது வேண்டியதுதான். மண் பரிசோதனை செய்தவர்கள் அதில் வரும் அளவையே போட வேண்டும் என்றும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார், சேர்த்தோம். அந்த மண் அட்டையிலும் அளவு எக்டேருக்கா ஏக்கருக்கா என்று முதலில் பாருங்கள்.

நேற்று பிரஸ்ஸிலிருந்து மாதிரித் தாள் வந்தது. எழுத்து முன்பைவிடப் பெரிசு, ஒரு பக்கம் மட்டும். அக்காவிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"ஏக்கருக்கு ஒரு மூட்டை சூப்பரு. யூரியா முப்பத்தஞ்சு கிலோ. அதுல பாதிய இப்பப் போட்டு மீதியக் கட்டி வைக்கணும். மழை வந்தாத்தான் அவுக்கணும்" என்றார். பிறகு தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாஞ் சரி தம்பி, எங்க காடு மூணு குறுக்கம். குறுக்கத்துக்கு எவ்வளவுன்னு போடலையே?" என்றார்.

குறுக்கம் எத்தனை சென்ட் என்று இரண்டு நாளாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று ஊரில் மூன்று கணக்கு சொல்கிறார்கள். உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டு, எந்த ஊர் என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். வெள்ளிக்கிழமைவரை அச்சை நிறுத்தி வைத்திருக்கிறான் பையன்.